இரண்டாம் தொகுதியின் ஏற்றத்தாழ்வு

என் அண்ணன் சோலைமலைக்கு வாய் கொஞ்சம் நீளம். பட்டறைக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "டெஸ்ட் ரூம்ல கோட்டு மாட்டிக்கிட்டு நிக்குதே, அது என் தங்கச்சி பூரணி. நான் பூசுற தட்டுல நொட்டை சொல்றதுக்குன்னே சம்பளம் வாங்குது" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "நொட்டை இருந்தாத்தானே சொல்றதுக்கு?" என்பேன். அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர் அந்தப் பேச்சை எடுப்பார் என்று எனக்குத் தெரியும்.

கப்பலில் வரும் பேட்டரிகளுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்ட காலம் அது. தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சாலை ஓடும்வரை அதோடு சேர்ந்து டைனமோவும் ஓடும். பொழுது சாய்ந்து அது நின்ற பிறகு தொரை பங்களாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேட்டரியில்தான் விளக்கு. வெளிநாட்டுப் பேட்டரி வராமல் போனதும் கொழும்பு முதலாளி ஒருவர் ஹட்டனுக்குக் கீழே, ஆற்றோரமாக ஒரு பட்டறை போட்டார். ஈயத்தைச் சல்லடை மாதிரிச் சட்டமாக வார்ப்பார்கள். அதன் கண்களில் ஈயத்தூள் பசையை அடைத்துத் தட்டுச் செய்வார்கள். தட்டுகளை அடுக்கிக் கண்ணாடி ஜாடியில் இறக்கி ஆசிட் ஊற்றினால் ஒரு செல். பதினாறு செல்லை வரிசையாகக் கோத்தால் ஒரு ஆஸ்பத்திரிக்கு இரவெல்லாம் விளக்கெரியும்.

அந்தப் பசையைப் பூசுவதுதான் அண்ணன் வேலை. மரக் கரண்டியால் ஒரே இழுப்பு; கண்ணெல்லாம் ஒரே மட்டமாக நிரம்பிவிடும். ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, நான் ஹட்டனில் படிக்க வேண்டும் என்பதற்காகவே தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு இங்கே வந்தார். நான் விஞ்ஞானம் படித்துப் பாஸான அன்று மேனேஜர் தம்பையாவின் மேசைக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, "ஐயா, இதுக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க, இல்லாட்டி வீட்டுல என்னைய டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கும்" என்றார். தம்பையா சிரித்துக்கொண்டே வேலை போட்டுக் கொடுத்தார்.

பட்டறைக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு வரிசை அறைகள். பசை அறையிலும் ஈயம் வார்க்கும் இடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அவை. எனக்கு மாசச் சம்பளம் உண்டு, அறை கிடையாது. அண்ணன் பெயரில் கிடைத்த அறையில் அண்ணன், அண்ணி சண்முகவடிவு, கைக்குழந்தை, நான் எல்லோரும் இருந்தோம். குளிருக்கு அண்ணன் ஓயாமல் வெற்றிலை போடுவார். வேலையிலும் இடுப்பில் வெற்றிலைப் பொட்டலம் இருக்கும். சிவப்பு ஈயத்தூள் அப்பின விரலாலேயே சுண்ணாம்பு தடவுவார். கையைக் கழுவுங்கள் என்றால், "கம்பெனி தினம் பால் குடுக்குதுல்ல? அது எல்லா விஷத்தையும் கழுவிடும்" என்பார். பசை அறைக்காரர்களுக்குக் காலையில் ஒரு டம்ளர் பால் என்பது பட்டறை வழக்கம். அந்தப் பாலை நம்பி யாருமே கையைக் கழுவியதில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தப் பால் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

தைப் பொங்கல் சமயம் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு வரிசைக்கு ஆர்டர் வந்தது. ஒன்று தொரை பங்களாவுக்கு, ஒன்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு. பொங்கலுக்கு முன் பூசியது முதல் தொகுதி. பொங்கல் கழிந்து பூசியது இரண்டாம் தொகுதி. தொகுதிக்குப் பதினாறு செல்.

சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. செல்களை நன்றாகச் சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு, ஒரே அளவு மின்சாரத்தை விடாமல் இழுக்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் எப்போது மீட்டரில் குறித்த கோட்டுக்குக் கீழே இறங்குகிறது என்று பார்த்து அந்தச் செல்லைக் கழற்றிவிட வேண்டும். எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் தாங்கியது என்று பெருக்கினால் அதுதான் அதன் கொள்ளளவு.

முதல் தொகுதி செல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கின. இரண்டாவதில் ஒரு செல் பாதி மத்தியானத்திலேயே படுத்துவிட்டது. பிறகு இன்னொன்று. சில செல்கள் அந்தி சாய்ந்தும் அசையவில்லை. கணக்குப் போட்டால் இரண்டு தொகுதிக்கும் சராசரி ஒன்றேதான். அந்தச் சராசரியைக் கேட்டுவிட்டுத் தம்பையா ஐயா, "நல்லது, ரெண்டையும் லாரியில ஏத்தச் சொல்லுறேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மீட்டரில் கோளாறா என்று மீட்டரை மாற்றினேன். ஆசிட்டின் கனத்தை மறுபடி பார்த்தேன். குளிரில் கொள்ளளவு குறையும் என்பதால் இரண்டு தொகுதியையும் ஒரே மேசையில், ஒரே நாளில் வைத்து மறுபடி சோதித்தேன். முன்பு போலவே வந்தது. கடைசியில் மிக மெலிந்த செல்லையும் மிகத் தடித்த செல்லையும் பிரித்து, தட்டுகளைக் கழுவிக் காயவைத்து எடை போட்டேன். மெலிந்த செல்லின் தட்டுகளில் பசை குறைவு. தடித்ததில் மிச்சம். தட்டுகளைப் பூசிய வரிசையிலேயே அடுக்கி ஜாடியில் இறக்குவது எங்கள் வழக்கம். அதனால் எந்தச் செல் எந்த நேரத்துத் தட்டு என்று சொல்லிவிடலாம். தடித்தவை காலையில் பூசியவை. மெலிந்தவை அத்தனையும் மத்தியானத்துக்கு மேல் பூசியவை. ஒரு நாளைக்கு அளந்து கொடுக்கிற பசையும் ஒரே அளவுதான், பூசவேண்டிய தட்டும் ஒரே எண்ணிக்கைதான். அதனால்தான் சராசரி பிசகவில்லை. பூசின கைதான் காலையில் ஒரு மாதிரியும் மத்தியானம் ஒரு மாதிரியும் இருந்திருக்கிறது.

பூசினது என் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இடது கையால் தேநீர் டம்ளரைப் பிடித்திருந்தார். எப்போதிலிருந்து இடது கை? நான் கவனிக்கவே இல்லை.

"அண்ணே, கைய நீட்டுங்க."

"எதுக்கு? கைரேகை பார்க்கவும் படிச்சுட்டியா?"

"வலது கைய நீட்டுங்கண்ணே. உள்ளங்கை கீழ பார்க்கட்டும்."

நீட்டினார். முன்னங்கை நீண்டது, மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கிவிட்டது. தூக்கப் பார்த்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்ததே தவிர விரல் மேலே வரவில்லை. காலையில் கொஞ்சம் தூக்க முடியும், போகப்போகத்தான் விழுந்துவிடுகிறது என்றார். விழுவதற்கு முன்பே நிறையப் பூசிவிட வேண்டும் என்று காலையில் பசையை அழுத்தி அழுத்தி அடைத்திருக்கிறார். வயிற்றுவலி என்று டிஸ்பென்சரிக்குப் போனபோது பேதிக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஈயம் ஏறினவர்களுக்கு ஈறில் நீலக்கோடு தெரியும் என்று பட்டறைக் கையேட்டில் நான் படித்திருந்தேன். வெற்றிலைக் காவி அப்பிக்கிடந்த ஈறில் யாருக்கு என்ன தெரியும்?

"ஈயம்ணே. கை விழுந்தது ஈயத்தாலதான். விட்டா தலைக்கு ஏறிடும்."

அண்ணன் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. "கெட்ட செல்லைப் பொறுக்கித் தூரப் போட்டுரு. ஜாடி ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லு. என் கையப் பத்தி மட்டும் எழுதிராத, புள்ள. இந்த வேலை போனா அறை போயிரும். தோட்டத்துலயும் பேரு இல்ல. இந்தக் கைய வச்சுக்கிட்டு எங்க போறது?"

"நான் சம்பாதிக்கிறேன்ல? டவுன்ல ஒரு அறை பார்ப்போம். எல்லாரையும் நான் பார்த்துக்கிறேன்."

"தங்கச்சி சம்பளத்துல உக்காந்து தின்னவா நான் உன்னப் படிக்க வச்சேன்?"

 அண்ணி பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அப்போது அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. வீம்பு பிடித்த மனிதர். உயிர் போகிறது என்கிறேன், அறை போகும் என்கிறார். அந்தக் கோபத்தோடுதான் போய் உட்கார்ந்து எழுதினேன். பட்டறைக் கடிதம் எல்லாம் இங்கிலீஷில்தான். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்புக்குரிய மேனேஜர் அவர்களுக்கு. இரண்டு தொகுதி செல்களின் சராசரிக் கொள்ளளவு அறுபது ஆம்பியர்-மணி என்று நான் சொன்னது சரியே. ஆனால் அந்தச் சராசரியை மட்டும் வைத்து இரண்டும் ஒன்று என்று கொள்ளக்கூடாது. முதல் தொகுதியில் மிகக் குறைந்த செல் ஐம்பத்தெட்டு, மிகக் கூடிய செல் அறுபத்திரண்டு. இரண்டாம் தொகுதியில் மிகக் குறைந்தது நாற்பத்தாறு, மிகக் கூடியது எழுபத்துமூன்று.

செல்களை வரிசையாகக் கோக்கும்போது எல்லாவற்றிலும் ஒரே மின்சாரம்தான் ஓடும். கூடிய செல் தன் மிச்சத்தைக் குறைந்த செல்லுக்குக் கொடுக்க முடியாது. குறைந்த செல் முதலில் தீர்ந்துவிடும். மற்றப் பதினைந்தும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது தலைகீழாகச் சார்ஜ் ஏறிக் கெட்டுப்போகும். ஆகவே வரிசையின் பலம் சராசரி அல்ல. அதிலுள்ள மிக மெலிந்த செல்லின் பலம்தான். இரண்டாம் தொகுதியை ஆஸ்பத்திரியில் வைத்தால் விடிவதற்கு முன் பிரசவ அறையில் வெளிச்சம் மங்கிவிடும். இதை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் பசையின் அளவு. மத்தியானத்துக்குப் பின் பூசிய தட்டுகளில் பசை குறைவு. பூசுபவரின் வலது மணிக்கட்டு ஈயத்தால் விழுந்துவிட்டது. அவர் கவனக்குறைவானவர் அல்ல. அவரை உடனே டாக்டரிடம் அனுப்பி, ஈயம் இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும். அவர் என் அண்ணன் என்பதால் இதை மறைக்கவில்லை, அதனாலேயே எழுதுகிறேன்."

 கடைசிப் பகுதியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் கொடுத்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு விளக்கு எரிந்திருக்கும். ஆனால் அண்ணன் மறுநாளும் அதே பசைக்கு முன்னால்தான் போய் நின்றிருப்பார்.

தம்பையா ஐயா கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கெட்டிக்காரர். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "சராசரியைக் கேட்டுட்டு ஏத்தச் சொன்னது என் தப்பு. முதல் தொகுதி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். தொரை கொஞ்ச நாளைக்கு மண்ணெண்ணெய் விளக்குல பேப்பர் படிக்கட்டும்" என்றார். அன்றே தன் காரில் அண்ணனை டவுன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பஞ்சால் வெற்றிலைக் காவியைத் துடைத்துத் துடைத்து ஈறைப் பார்த்தார். நீலக்கோடு இருந்தது. இனி ஈயத்தின் பக்கமே போகக்கூடாது, கை திரும்பினால் திரும்பலாம், சொல்ல முடியாது என்றார்.

அண்ணனுக்குக் காவல்காரர் வேலை கொடுக்கச் சொல்லித் தம்பையா ஐயா கொழும்புக்கு எழுதினார். என் கடிதத்தையும் கூடவே வைத்து அனுப்பினார். பதில் சீக்கிரமே வந்தது. தட்டுகளை இனிமேல் ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டும் என்று இருந்தது. சோதனையாளருக்குச் சம்பளம் கூட்டச் சொல்லி இருந்தது. பசை பூசுபவரை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடவும், காவலுக்கு ஆள் தேவையில்லை என்று இருந்தது. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதைப் படித்துக் காட்டியபோது தம்பையா ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் நல்லதுக்குத்தான் உன் கடிதத்தை வச்சு அனுப்பினேன், பூரணி" என்றார். நானும் நல்லதுக்குத்தான் எழுதினேன் ஐயா என்று சொல்ல வாய்வரை வந்தது.

அண்ணன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. வாசல்படியில் உட்கார்ந்து, விழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு விளக்கு வேணும்னு எழுதுன. சரி, அது நியாயம். என் கைய எதுக்குப் புள்ள எழுதுன?"

"எழுதாட்டி நீங்க செத்துப் போயிருப்பீங்கண்ணே."

"இப்ப மட்டும் என்ன?"

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது. நான் சம்பளத்தில் அரிசி வாங்கி வந்தால், அந்தச் சோறு என்று தெரிந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். டவுனில் அறை பார்த்து வந்தேன். வர மாட்டேன் என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினார். என்னை எதிரில் வைத்துக்கொண்டே, "அதுகிட்டச் சொல்லு" என்றார். அவர் பேச்சுக்குப் பதில் பேச்சுப் பேசியே வளர்ந்தவள் நான். வாயடைத்துப்போய் அந்த வீட்டுக்குள் நிற்க எனக்குத் தெரியவில்லை. அழுதேன். எல்லோரும் பார்க்க, குழாயடியிலேயே நின்று அழுதேன்.

மாசக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். மாசக் கடைசிக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் பசை அறைப் பக்கமாகப் போனேன். அண்ணன் நின்ற இடத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் செருகி, தலையில் துணி கட்டி, மரக் கரண்டியைப் பிடித்திருந்தாள். பக்கத்துப் பலகையில் பால் டம்ளர் இருந்தது.

நான் உள்ளே போனேன். "அண்ணி, என்ன காரியம் பண்றீங்க? கைப்பிள்ளைக்காரி! அந்தப் பால் எல்லாம் ஒண்ணுக்கும் ஆகாது. உங்க பால் வழியாப் பிள்ளைக்கும் போகும்."

"மெல்லப் பேசுங்க." அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "நானேதான் மேனேஜர் ஐயாகிட்டப் போயி கேட்டேன். அவரு மாட்டேன்னாரு. ரெண்டு நாளு வாசல்லயே நின்னேன். பசை பூசற ஆளுக்கு அறை உண்டுதானே?"

"நான் இருக்கேனே அண்ணி. என் சம்பளம் இருக்கே."

"உங்க சோத்துல அவரு கை வைக்க மாட்டேங்கிறாரு. என் சோறுன்னா சாப்பிடுறாரு. ஊட்டிவிட்டா சாப்பிடுறாரு. நான் வேற என்ன பண்ண, சொல்லுங்க?" பிறகு ஒரு மாதிரி சிரித்தாள். "பயப்படாதீங்க. நான் வெத்தலை போட மாட்டேன். கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுறேன்."

தம்பையா ஐயாவிடம் ஓடினேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவை வெளியே அனுப்பினால் நாலு பேரும் தெருவில், உள்ளே வைத்தால் இது, எதைச் செய்யச் சொல்கிறாய் என்று என்னையே கேட்டார்.  பிறகு அண்ணிக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தார். ஈரக் கையுறையில் கரண்டி வழுக்குகிறது என்று ஆள் பார்க்காத நேரத்தில் அண்ணி கழற்றிவிடுவாள்.

மூன்றாம் தொகுதி சோதனைக்கு வந்தது. தொரை பங்களாவுக்குப் போக வேண்டிய பதினாறு செல். முழுக்க அண்ணி பூசியது. காலையிலிருந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றாவது முன்னால் விழுந்துவிடாதா, ஒரு தட்டாவது குறையாக இருந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விழுந்தால் அதைக் காட்டி அவளை நிறுத்தச் சொல்லலாம். ஒரு செல்லும் விழவில்லை. பொழுது இறங்கும் நேரத்தில் பதினாறும் கைகோத்துக்கொண்டு இறங்கினாற்போல ஒன்றாக இறங்கின. மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே இரண்டே ஆம்பியர்-மணி. அண்ணன் நல்ல கையோடு இருந்த நாளில்கூட இப்படி ஒரு தொகுதி வந்ததில்லை.

கொழும்புக்கு அனுப்ப ஒரு கடிதம் வேண்டும் என்றார் தம்பையா ஐயா. எழுத உட்கார்ந்தேன். சராசரி எழுதினேன். குறைந்தது, கூடியது எழுதினேன். "இந்தத் தொகுதியில் குறை எதுவும் இல்லை" என்று எழுதினேன். அதற்கு மேல், பூசுபவர் பால் கொடுக்கும் தாய், அவரை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதக் கை போனது. எழுதினால் போன தடவை வந்த பதில்தான் மறுபடி வரும். அந்த அறையில் பூசுவதற்கு இனி யார் மிச்சம்? நான்தான் மிச்சம். அண்ணிக்குப் பதிலாக நான் பூசுகிறேன் என்றும் கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் வாங்கிக் கொடுக்கிற அறையில் இருக்க மாட்டாராம், அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுதாமல் கையெழுத்துப் போட்டேன்.

 முன்பெல்லாம் குறையைக் கண்டுபிடிப்பது என் வேலை. இப்போது ஒவ்வொரு தொகுதியும் மேசைக்கு வரும்போது குறை வந்துவிடக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் கும்பிடுகிறேன். ஏனென்றால் என் மீட்டர் முன்கூட்டி எதையும் சொல்லாது. அண்ணியின் கை விழுந்த பிறகுதான் சொல்லும்.